அம்புக்குறி போட்ட கூட்டக் குறிப்பை ஒழுங்கான மினிட்ஸ் ஆக்குவது எப்படி?

கேள்வி: மும்பையில் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்துக்கு இந்த வருடம் நான்தான் செயலாளர். கூட்டத்தில் வேகமாக எழுதுவதால் என் நோட்டு முழுக்க அம்புக்குறி, புள்ளி, உள்ளே தள்ளி எழுதிய வரிகள் என்று இருக்கிறது. இரண்டு நாள் கழித்து மினிட்ஸ் எழுத உட்கார்ந்தால் எது பேச்சு, எது முடிவு என்றே பிரிக்க முடியவில்லை. இதைச் சுத்தமாக எழுதுவதற்கு ஒரு முறை இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது. முதலில் சிக்கல் எங்கே என்று பார்த்துவிடுவோம். உங்கள் கையெழுத்தோ வேகமோ பெரிய பிரச்சினை இல்லை. ஒரே அம்புக்குறியை நாம் ஐந்து வேலைக்குப் பயன்படுத்துகிறோம், அதுதான் பிரச்சினை. எழுதும் நொடியில் அது எந்த வேலைக்கு என்று நமக்குத் தெரியும். இரண்டு நாள் போனால் காகிதத்தில் கோடு மட்டும் மிஞ்சும். அதனால் மினிட்ஸ் எழுதுவதில் பாதி வேலை, ஒவ்வொரு அம்புக்குறிக்கும் அது என்ன சொல்ல வந்தது என்று பெயர் வைப்பதுதான்.

உங்களுடையது போன்ற ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். சங்கச் செயற்குழுக் கூட்டம், நிகழ்ச்சி நிரலில் மூன்றாவது விஷயம். ஆட்களை முதலெழுத்தால் குறித்திருக்கிறது, எல்லோரும் செய்வதுதான்.

```
3) பொங்கல்
  • ஹால்  45,000 → 52,000
      → வேற இடம்? மாட்டுங்கா / சயான்
          – பார்க்கிங் இல்ல (சு)
      → மூ பார்க்கிறார்
  • சாப்பாடு 300 → 350
      – கேட்டரர் 20,000 ✓
  • பேங்க்: ரா → மீ
      → தீர்மானம்
  • ஸ்காலர்ஷிப் → அடுத்த மீட்டிங்
  • ஹால் – இதே ஹால், 10% குறைக்கச் சொல்லணும் ↑
```

தலைப்புக்குக் கீழே பத்து வரிதான். அதில் எட்டு அம்புக்குறி. 45,000 → 52,000 என்பது மாற்றம்: முன்பு இவ்வளவு, இப்போது இவ்வளவு. "→ வேற இடம்?" என்பது ஆகவே: வாடகை கூடிவிட்டது, அதனால் வேறு இடம் பார்க்கலாமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "→ மூ பார்க்கிறார்" என்பது பொறுப்பு. "→ அடுத்த மீட்டிங்" என்பது ஒத்திவைப்பு. கடைசி வரியில் மேல்நோக்கிப் போகும் அம்பு, இதை மேலே போய்ச் சேர் என்று நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொண்டது. எனக்குத் தெரிந்து சங்கம், சொசைட்டிக் கூட்டக் குறிப்புகளில் வரும் அம்புக்குறிகள் அநேகமாக இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும்.

ஆகவே கூட்டம் முடிந்த அன்று இரவே, தூங்கப் போவதற்கு முன், வேறு நிற மையில் ஒவ்வொரு அம்பின் தலைக்கு மேலும் ஓர் எழுத்துப் போட்டுவிடுங்கள். மா, ஆ, பொ, ஒ, சே. அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. இந்த நேரத்தில் எதையும் அடிக்காதீர்கள், திருத்தாதீர்கள், அழகாக மறுபடி எழுதவும் வேண்டாம். அன்று இரவு உங்களுக்கு இருக்கும் ஞாபகம் மறுநாள் இருக்காது. அதைக் காகிதத்தில் இறக்கி வைப்பதுதான் நோக்கம். எந்த அம்புக்கு எழுத்துப் போட முடியவில்லையோ, போட்ட பிறகும் எது தெளிவாக இல்லையோ, அதைச் சுற்றி ஒரு வட்டம். மேலே உள்ள பக்கத்தில் நான் இரண்டு அம்புகளுக்கு வட்டம் போடுவேன். ஒன்று "→ தீர்மானம்". இன்னொன்று "→ மூ பார்க்கிறார்". ✓ குறிக்கும் ஒரு வட்டம் உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

"→ தீர்மானம்" என்றால் தீர்மானம் நிறைவேறியது என்றும் படிக்கலாம், இதற்கு ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று யாரோ சொன்னதாகவும் படிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் பெரியது. பின்னால் சொன்னதுதான் நடந்தது என்றால், நீங்கள் "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதி வங்கிக்குக் கொடுப்பது நடக்காத ஒன்றுக்குச் சான்று கொடுப்பதாகிவிடும். முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்று நோட்டில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு பெயரும் இல்லை என்றால் தீர்மானம் நிறைவேறவில்லை என்று வைத்துக்கொண்டு தலைவரிடம் கேளுங்கள். நிறைவேறியது என்று வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம்.

"→ மூ பார்க்கிறார்" என்பதில் சிக்கல் உள்தள்ளலில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் உள்தள்ளலை நம்பித்தான் பலர் தவறாக எழுதுகிறார்கள். கையால் எழுதும்போது உள்ளே தள்ளுவது எப்போதும் இதற்குள் அது என்ற அர்த்தத்தில் இருக்காது. பக்கத்தில் இடம் இல்லாமல் தள்ளியிருப்போம். மேல் வரி நீண்டு மடங்கி வந்திருக்கும். அவசரத்தில் முந்தைய வரி எங்கே தொடங்கியதோ அங்கேயே அடுத்ததையும் தொடங்கியிருப்போம். அதனால் கண்ணால் அளக்காதீர்கள், வாயால் படித்துப் பாருங்கள். மேல் வரியையும் உள்ளே தள்ளிய வரியையும் நடுவில் ஒரு சொல் வைத்துச் சேர்த்துப் படியுங்கள்: அதில், அதனால், ஏனென்றால், ஆனால். இந்த நான்கில் ஒன்று பொருந்தினால் அது உண்மையிலேயே கீழ் வரி. எதுவும் பொருந்தவில்லை என்றால் அது தனி விஷயம், தள்ளி எழுதியது தற்செயல்.

"வேறு இடம் பார்க்கலாமா? ஆனால் பார்க்கிங் இல்லை" என்பது பொருந்துகிறது, எதிர்ப்பு என்று தெரிகிறது. ஆனால் பார்க்கிங் இல்லாதது மாட்டுங்காவிலா, சயானிலா, இரண்டிலுமா என்பது நோட்டில் இல்லை. இனி மூ வரி. "ஹால் வாடகை கூடிவிட்டது, அதனால் மூ பார்க்கிறார்" என்றும் வருகிறது. "வேறு இடம் வேண்டும், அதனால் மூ பார்க்கிறார்" என்றும் வருகிறது. முதலாவது என்றால் அவர் ஹால்காரரிடம் விலை பேசப் போகிறார். இரண்டாவது என்றால் வேறு ஹால் தேடப் போகிறார். இரண்டும் சரியாகப் பொருந்துவதால் இதை உங்கள் நோட்டை வைத்துத் தீர்க்கவே முடியாது. வட்டம் போட்டுவிட்டு நகர வேண்டியதுதான்.

இதே சோதனையைப் புள்ளிகளுக்கும் செய்யுங்கள். "பொங்கல், அதில் சாப்பாடு": சரி. "பொங்கல், அதில் பேங்க்": பொருந்தவில்லை. "பொங்கல், அதில் ஸ்காலர்ஷிப்": அதுவும் பொருந்தவில்லை. கேட்டரருக்கு முன்பணம் பற்றிப் பேசும்போது செக் பற்றிப் பேச்சு வந்து, அதிலிருந்து யார் கையெழுத்துப் போடுவது என்று போயிருக்கும். கூட்டத்தில் பேச்சு அப்படித்தான் ஓடும். நீங்களும் எண் 4 போடாமல் அடுத்த புள்ளியாக எழுதிவிட்டீர்கள். மினிட்ஸில் இது பொங்கலுக்குக் கீழே வந்தால், பின்னால் தேடுபவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. நிகழ்ச்சி நிரலில் வங்கி விஷயம் தனியாக இருந்தால் அதன் எண்ணுக்குக் கீழே வையுங்கள். நிரலிலேயே இல்லை என்றால் "தலைவர் அனுமதியுடன் எடுத்துக்கொள்ளப்பட்ட இதர விஷயங்கள்" என்று கடைசியில் வரட்டும்.

மூன்றாவது வட்டம் ✓ குறி. "கேட்டரர் 20,000 ✓" என்றால் பணம் கொடுத்தாயிற்றா, கொடுக்கலாம் என்று குழு ஒப்புக்கொண்டதா? கொடுத்தாயிற்று என்றால் அது தகவல், பொருளாளர் தெரிவித்தார் என்று எழுத வேண்டும். யார் அனுமதியில் கொடுக்கப்பட்டது என்ற கேள்வியும் கூடவே வரும். ஒப்புக்கொண்டது என்றால் அது முடிவு, தொகையும் யார் பெயருக்கு என்பதும் வேண்டும். தணிக்கையாளர் வவுச்சரை வைத்துக்கொண்டு மினிட்ஸைப் புரட்டும்போது தேடுவது இந்த வரியைத்தான். பணம் வருகிற எந்த வரியிலும் டிக் குறியை நம்பி எழுதாதீர்கள்.

சரி, வட்டங்களை எப்படித் தீர்ப்பது? மறுநாளே சம்பந்தப்பட்டவரிடம் கேட்க வேண்டும். இதில் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். "சார், வேறு ஹால் தேடுவதாக முடிவானது என்று எழுதுகிறேன், சரிதானே?" என்று வாட்ஸ்அப்பில் போட்டால், லோக்கல் ட்ரெயினில் நின்றுகொண்டே படிப்பவர் "சரி" என்று ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவார். அவர் உங்கள் ஊகத்தைத்தான் உறுதி செய்கிறார், நடந்ததை அல்ல. "ஹால் விஷயத்தில் நீங்கள் என்ன செய்வதாகச் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். அவர் வாயால் அவர் வேலையைச் சொல்ல வேண்டும். குழுவில் எல்லோருக்கும் பொதுவாகக் கேட்காமல் அந்த ஒருவரிடமும் தலைவரிடமும் தனித்தனியாகக் கேட்பது நல்லது. பொதுவில் கேட்டால் கூட்டம் மறுபடி தொடங்கிவிடும்.

நம் பக்கத்தில் இப்படிப் பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூ சொல்கிறார்: "முதலில் வேறு ஹால் பார்க்கச் சொன்னார்கள், கடைசியில் இதே ஹாலில் விலை பேசச் சொல்லிவிட்டார்கள்." தலைவரும் அதையே சொல்கிறார், கூடவே "குறைக்காவிட்டாலும் எடுத்துக்கொள்ளலாம், தேதி போய்விடக் கூடாது" என்கிறார். சு சொல்கிறார்: பார்க்கிங் இல்லை என்று சொன்னது இரண்டு இடத்துக்கும்தான். பொருளாளர் சொல்கிறார்: கேட்டரருக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை, கொடுக்கக் குழு ஒப்புக்கொண்டது. வங்கித் தீர்மானம் நிறைவேறியது, முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் யார் என்று தலைவர் சொல்கிறார், இருவரும் ஆமாம் என்கிறார்கள்.

இப்போது கடைசி வரியின் மேல்நோக்கிய அம்புக்கு வேலை வருகிறது. ஹால் பேச்சு இரண்டு முறை நடந்திருக்கிறது, பின்னால் நடந்தது முன்னால் நடந்ததை மாற்றிவிட்டது. மினிட்ஸ் பேசிய வரிசையில் போகாது, விஷயத்தின் வரிசையில் போகும். ஆக இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்து, கடைசி முடிவை மட்டும் முடிவாக எழுத வேண்டும். மாற்று இடம் பேசப்பட்டதை ஒரே வரியில் காரணத்தோடு வைத்தால் போதும். "சு எதிர்த்தார்" என்று பெயர் வேண்டாம். தன் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்லி யாராவது கேட்டிருந்தால் மட்டும் பெயரோடு எழுதுங்கள். எழுதி முடித்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

3. பொங்கல் விழா ஏற்பாடுகள்

3.1 அரங்கம்: சென்ற ஆண்டு ரூ.45,000 ஆக இருந்த அரங்க வாடகை இவ்வாண்டு ரூ.52,000 என்று தெரிவிக்கப்பட்டது. மாட்டுங்கா, சயான் பகுதிகளில் மாற்று இடங்கள் பரிசீலிக்கப்பட்டன. வாகனம் நிறுத்த வசதி இல்லாததால் ஏற்கப்படவில்லை. முடிவு: தற்போதைய அரங்கையே பதிவு செய்வது, வாடகையில் 10 சதவீதம் குறைக்கக் கோருவது, குறைக்க இயலாவிடில் ரூ.52,000க்கே பதிவு செய்வது. பொறுப்பு: திரு. மூ. கெடு: (தேதி).

3.2 உணவு: 350 பேருக்கு ஏற்பாடு செய்ய முடிவு செய்யப்பட்டது. உணவு ஒப்பந்ததாரருக்கு முன்பணமாக ரூ.20,000 வழங்க ஒப்புதல் அளிக்கப்பட்டது. பொறுப்பு: பொருளாளர். கெடு: (தேதி).

300 என்ற எண் எங்கே போயிற்று என்று கேட்கலாம். அது கூட்டத்திலேயே யாரோ சொல்லி, அங்கேயே மாறிய மதிப்பீடு என்றால் மினிட்ஸுக்குத் தேவையில்லை. ஆனால் போன கூட்டத்தில் 300 என்று தீர்மானித்திருந்தால், "முன்னர் முடிவு செய்த 300 என்பதற்குப் பதிலாக" என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மினிட்ஸில் இரண்டு எண் இருக்கும், எது செல்லும் என்று யாருக்கும் தெரியாது. மாற்ற அம்பைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இடது பக்கத்தில் இருப்பது ஏற்கெனவே பதிவான ஒன்றா?

"பேங்க்: ரா → மீ" என்பதும் மாற்ற அம்புதான், ஆனால் இதைச் சுருக்கமாக எழுதக் கூடாது. மற்ற முடிவுகளைச் சங்கத்து ஆட்கள் மட்டும் படிப்பார்கள், இதை வங்கி அதிகாரி படிப்பார். வங்கியின் பெயர், கிளை, கணக்கு எண், யாருடைய கையெழுத்து அதிகாரம் எந்தத் தேதியிலிருந்து நீங்குகிறது, யாருக்கு வருகிறது, தனியாகக் கையெழுத்திடலாமா, இருவர் சேர்ந்தா, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஏகமனதா பெரும்பான்மையா என்று எல்லாம் முழுப் பெயரோடு ஒரே பத்தியில் இருக்க வேண்டும். மேலே மினிட்ஸ் மாதிரியில் "திரு. மூ" என்று நான் விட்டதும் உதாரணத்துக்குத்தான், மினிட்ஸில் முதலெழுத்து ஆகாது. மினிட்ஸ் தமிழில் என்றால், இந்தத் தீர்மானத்தை மட்டும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிளைக்கு அதன் சான்றிட்ட நகலைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

மகாராஷ்டிரத்துச் சங்கங்களுக்கு இன்னொன்றும் உண்டு. உங்கள் சங்கம் 1950ஆம் ஆண்டின் மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைகள் சட்டத்தின் கீழும் பதிவாகியிருந்தால், ரா பொருளாளர் பதவியிலிருந்தே விலகி மீ அந்தப் பதவிக்கு வருகிறார் என்றால், அது வெறும் கையெழுத்து மாற்றம் இல்லை. சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி மாற்றம் நடந்து 90 நாளுக்குள் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் சேஞ்ச் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அதற்கு ஆதாரமாகப் போவது இந்த மினிட்ஸ்தான். ஆகவே பதவி மாற்றத்தை ஒரு தீர்மானமாகவும் வங்கிக் கையெழுத்தை இன்னொரு தீர்மானமாகவும் பிரித்து எழுதுங்கள். பதவி மாறிய தேதி தெளிவாக இருக்கட்டும், 90 நாள் அதிலிருந்துதான் ஓடும். செயற்குழுவே புதியவரை நியமிக்கலாமா, பொதுக்குழு கூட வேண்டுமா என்பதை உங்கள் சங்க விதிகளில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஸ்காலர்ஷிப் வரி எளிது. ஒத்திவைப்பு அம்பு. "நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதுங்கள், அப்போதே அடுத்த நிகழ்ச்சி நிரலின் வரைவைத் திறந்து அதிலும் சேர்த்துவிடுங்கள். ஒத்திவைத்த விஷயங்கள் காணாமல் போவது இந்த இடத்தில்தான்.

கணினியில் அடிப்பது பற்றி ஒரு விஷயம். முதலில் நோட்டில் இருப்பதை அப்படியே அடித்து வைத்துக்கொள்ள நினைத்தால், மைக்ரோசாஃப்ட் வேர்டில் --> என்று அடித்தவுடன் அது தானாக அம்புக்குறியாக மாறும். அந்த அம்பு Wingdings எழுத்துருவில் இருப்பது. அதை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ ஒட்டும்போது பல சமயம் அம்பு போய் à என்ற எழுத்து நிற்கும். பெறுபவருக்கு ஒன்றும் புரியாது. மாறிய உடனே Ctrl+Z அடித்தால் பழையபடி ஆகிவிடும். இறுதி மினிட்ஸில் எப்படியும் ஓர் அம்புகூட இருக்கக் கூடாது. முடித்த பிறகு கோப்பில் → இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில் நீங்கள் இன்னும் அர்த்தத்தைத் தீர்மானிக்கவில்லை என்று பொருள். உள்தள்ளலும் அப்படித்தான். 3, 3.1 என்று இரண்டு படி போதும். 3.1.1.2 என்று போனால் பேச்சை அப்படியே நகலெடுத்திருக்கிறீர்கள். மூன்றாம் படியில் இருப்பது பெரும்பாலும் காரணமோ எதிர்ப்போதான், அதை மேல் வரியின் வாக்கியத்துக்குள்ளேயே சேர்த்துவிடலாம், மேலே பார்க்கிங்கைச் சேர்த்தது போல.

அனுப்பும் முன் ஒரு முறை இப்படிப் படித்துப் பாருங்கள். "பேசப்பட்டது", "விவாதிக்கப்பட்டது" என்று முடியும் ஒவ்வொரு பத்தியிலும் நில்லுங்கள். அங்கே முடிவு வந்ததா? வந்தது என்றால் அது விட்டுப்போயிருக்கிறது. வரவில்லை என்றால் "முடிவு எடுக்கப்படவில்லை" என்று வெளிப்படையாக எழுதுங்கள். அப்புறம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். "குழு பார்த்துக்கொள்ளும்" என்று இருந்தால் நோட்டில் பொறுப்பு அம்பே இல்லாத வரி அது. தலைவரிடம் கேட்டுப் பெயர் வாங்குங்கள், நீங்களாக யார் பெயரையும் போடாதீர்கள்.

அடுத்த கூட்டத்திலிருந்து இந்த வேலையைப் பாதியாகக் குறைக்க வழி இருக்கிறது. இருக்கிற பழக்கத்தை முழுதாக மாற்றிக்கொள்ள வேண்டாம், முக்கியமாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அம்புக்குறி பொறுப்புக்கு மட்டும், அதன் வலது பக்கம் எப்போதும் ஓர் ஆளின் பெயர். மாற்றத்துக்கு 45,000 / 52,000 என்று சாய்கோடு, ஒத்திவைப்புக்கு ஓரத்தில் ஒ, முடிவு வந்தவுடன் அந்த வரியைச் சுற்றி ஒரு கட்டம். கட்டம் போடும் அந்த நொடியில் "ஹால் இதே ஹால்தான், மூ சார் விலை பேசுகிறார், குறைக்காவிட்டாலும் எடுக்கிறோம்" என்று சத்தமாக ஒரு முறை சொல்லிவிடுங்கள். தவறாக இருந்தால் அங்கேயே யாராவது திருத்துவார்கள், மறுநாள் போன் போட வேண்டிய வேலை மிச்சம்.

கைக்குறிப்புப் பக்கத்தைக் கிழித்துப் போடாமல் அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் படித்து உறுதி செய்யப்படும் வரை வைத்திருங்கள். அங்கே யாராவது "நான் அப்படிச் சொல்லவில்லை" என்றால் பழைய மினிட்ஸை அடித்துத் திருத்த வேண்டாம். ஏற்றுக்கொண்ட திருத்தத்தை அந்தப் புதிய கூட்டத்தின் மினிட்ஸில், முந்தைய மினிட்ஸை உறுதி செய்யும் விஷயத்தின் கீழ், எந்தப் பத்தியில் எந்தச் சொல் எப்படி மாறுகிறது என்று எழுதுங்கள், தலைவர் கையெழுத்துப் போடட்டும்.